நன்றியோடு ஒரு ராஜினாமா

எம்.எஸ்சி. நர்ஸிங் படிக்கப் போகும் ஒரு நர்ஸ் தன் மருத்துவமனைக்கு எழுதும் ராஜினாமா கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. பெரும்பாலும் அதை அவர் எழுதுவதும் இல்லை. முன்பு வேலையை விட்டுப் போன தோழியின் கடிதத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, பெயரையும் தேதியையும் மாற்றி, கையெழுத்துப் போட்டு நீட்டிவிடுகிறார். வேறு வேலைக்குப் போகிறவருக்கு இதனால் பெரிய நஷ்டம் வராது. மேற்படிப்புக்குப் போகும் நர்ஸின் நிலைமை வேறு. அவர் விட்டுப் போகும் மருத்துவமனைதான் கல்லூரி கேட்கும் முக்கியமான தாளைக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தாள் அனுபவச் சான்றிதழ். இந்திய நர்ஸிங் கவுன்சிலின் விதிப்படி, எம்.எஸ்சி. நர்ஸிங்கில் சேர பொதுவாக 55 விழுக்காடு மதிப்பெண் மட்டும் போதாது. பதிவு பெற்ற நர்ஸாக ஓராண்டு பணி அனுபவமும் வேண்டும். நேரடியாக பி.எஸ்சி. படித்தவருக்கு அந்த ஓராண்டு பட்டத்துக்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். டிப்ளமோ முடித்து போஸ்ட் பேசிக் படித்தவருக்கு அது படிப்புக்கு முன்போ பின்போ இருக்கலாம். தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்குப் போகிறவர் என்றால், அந்த அனுபவம் ஐ.சி.யூ.வில் கிடைத்ததா என்றும் பார்ப்பார்கள். ஆக, சான்றிதழில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தப் பிரிவில் என்பது தெளிவாக இருந்தாக வேண்டும். ஹெச்.ஆர். அலுவலகத்தில் அதைத் தட்டச்சு செய்பவர் தன் முன்னால் எதை வைத்துக்கொண்டு செய்கிறார்? பல இடங்களில் உங்கள் ராஜினாமா கடிதத்தை வைத்துத்தான். அதில் இருக்கும் விவரம்தான் சான்றிதழுக்கும் போகிறது.

ஒரு கடிதத்தை முழுதாகப் பார்த்துவிடுவோம். எழுதுபவர் கற்பனையான ஒரு நர்ஸ். நடுத்தரமான தனியார் மருத்துவமனை ஒன்றில் 2020 அக்டோபர் 5-ஆம் தேதி சேர்ந்தவர். நியமன ஆணைப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

அனுப்புநர்:
(பெயர், பணியாளர் எண்)
ஸ்டாஃப் நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு

பெறுநர்:
மருத்துவ இயக்குநர் அவர்கள்
வழி: நர்ஸிங் கண்காணிப்பாளர் அவர்கள்

தேதி: 16.06.2025

பொருள்: உயர்கல்விக்காகப் பணி விலகல் – 15.08.2025 அன்று விடுவிக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் 05.10.2020 முதல் நம் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றிவருகிறேன். 03.04.2022 வரை பொது மருத்துவ வார்டிலும், 04.04.2022 முதல் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பணிபுரிந்துள்ளேன்.

எம்.எஸ்சி. நர்ஸிங் படிப்பில் சேர விண்ணப்பித்துள்ளேன். அதன் பொருட்டுப் பணியிலிருந்து விலகுகிறேன். நியமன ஆணையில் கண்டுள்ள 60 நாள் முன்னறிவிப்பாக இக்கடிதத்தை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். 15.08.2025 என் கடைசிப் பணிநாள்.

வார்டிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நான் மாறியபோது, வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியைத் தனியே என்னிடம் ஒப்படைப்பதற்கு முன் மூத்த சிஸ்டர் ஒருவருடன் மூன்று மாதம் சேர்த்துப் பழக்கினீர்கள். 2023-இல் உயிர்காப்புப் பயிற்சிக்கு மருத்துவமனைச் செலவில் அனுப்பினீர்கள். நான் மருத்துவ, அறுவை சிகிச்சை நர்ஸிங்கை மேற்படிப்புக்குத் தேர்ந்தெடுத்ததற்கு இங்கே பெற்ற இந்தப் பயிற்சியே காரணம். இதற்காக நிர்வாகத்துக்கும் நர்ஸிங் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் பொறுப்பில் உள்ள அவசர மருந்து வண்டிப் பதிவேடு, உபகரண இருப்புப் பதிவேடு ஆகியவற்றைத் தாங்கள் குறிப்பிடும் சிஸ்டரிடம் 10.08.2025-க்குள் சரிபார்த்து ஒப்படைக்கிறேன்.

விடுவிப்பு ஆணையையும், பணிக்காலமும் பிரிவும் குறிப்பிட்ட அனுபவச் சான்றிதழையும், சேரும்போது நான் ஒப்படைத்த அசல் சான்றிதழ்களையும் வழங்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம், கவுன்சில் பதிவு எண்)

கடிதம் இவ்வளவுதான். சிக்கல் பெரும்பாலும் தேதியில் இருக்கிறது. கல்லூரிக் கலந்தாய்வு எந்த மாதம் என்பது ஆண்டுக்கு ஆண்டு நகரும். இடம் கிடைத்துவிட்டால் சில நாள்களுக்குள் சேரச் சொல்வார்கள். மருத்துவமனையோ ஒரு மாதம், இரண்டு மாதம், சில இடங்களில் மூன்று மாத நோட்டீஸ் கேட்கும். சீட் உறுதியான பிறகு கடிதம் கொடுத்தால் நோட்டீஸ் முடிவதற்குள் வகுப்பு தொடங்கிவிடும். முன்கூட்டியே கொடுத்துவிட்டு சீட் கிடைக்காமல் போனால் வேலையும் போய்விடுமோ என்ற பயம். இந்தப் பயத்தில்தான் பலர் 'எனக்கு இடம் கிடைக்கும் பட்சத்தில்' என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் அது ராஜினாமாவே இல்லை, ஒரு தகவல் கடிதம். அதிலிருந்து நோட்டீஸ் நாள் ஓடத் தொடங்காது. ஹெச்.ஆர். அதைக் கோப்பில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம், ஆகஸ்டில் நீங்கள் போய்க் கேட்டால், "இனிமேல்தானே சிஸ்டர் நீங்க ரிசைன் பண்ணணும்?" என்பார்கள்.

அதைவிட நல்ல வழி, மேலே உள்ளதுபோல் நிபந்தனை இல்லாமல், ஆனால் பின்னொரு தேதியில் நடைமுறைக்கு வரும்படி எழுதுவது. இதற்கு ஒரு நீதிபதியின் கதையே துணைக்கு இருக்கிறது. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா, 1977 மே 7-ஆம் தேதி குடியரசுத் தலைவருக்கு ராஜினாமா கடிதம் எழுதினார். ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே குறிப்பிட்டார். ஜூலை 15-ஆம் தேதி மனம் மாறி, அதைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு கடிதம் எழுதினார். கொடுத்த ராஜினாமாவை இப்படித் திரும்பப் பெறலாமா என்று வழக்கு வந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் கூடாது என்றது. உச்ச நீதிமன்றம் 1978-இல் அதை மாற்றியது: வருங்காலத் தேதி போட்ட ராஜினாமாவை, அந்தத் தேதி வருவதற்கு முன், தடை செய்யும் விதி எதுவும் இல்லாதவரை திரும்பப் பெறலாம் என்றது.

ஒரு நர்ஸுக்கு இதனால் என்ன பயன்? ஜூன் 16-இல் கொடுத்த கடிதத்தின் தேதி ஆகஸ்ட் 15. ஜூலைக் கடைசியில் கலந்தாய்வில் இடமில்லை என்று தெரிந்தால், அன்றே எழுத்து மூலம் ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாகக் கொடுக்கலாம். ஆனால் தனியார் மருத்துவமனையில் இதை முழு உரிமையாக நினைத்துவிடக் கூடாது. நியமன ஆணையிலோ பணி விதிகளிலோ வேறு மாதிரி எழுதியிருக்கலாம். அதற்குள் உங்கள் இடத்துக்கு வேறு ஆளை எடுத்தும் இருக்கலாம். ஆகவே திரும்பப் பெறும் கடிதம் கடைசி நாளில் போகக் கூடாது, தெரிந்த அன்றே போக வேண்டும். நர்ஸ் தட்டுப்பாடு உள்ள மருத்துவமனைகள் ஐ.சி.யூ. அனுபவம் உள்ளவரைத் திரும்ப வரவேற்கத்தான் பார்க்கும்.

தேதியில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. 60 நாள் எந்த நாளிலிருந்து? கடிதத்தில் எழுதிய தேதியிலிருந்து என்று எழுதுபவர் நினைக்கிறார். நிர்வாகம் தன் கைக்கு வந்த நாளிலிருந்து என்கிறது. இடையில் இன்சார்ஜ் சிஸ்டர் இருக்கிறார். அவருக்கு உங்கள் மேல் கோபம் இல்லை, பாசம்தான். "இப்ப வேணாம்மா, ரெண்டு பேர் ஏற்கெனவே மெட்டர்னிட்டி லீவ்ல இருக்காங்க, ஆவணி வரைக்கும் பொறு" என்று சொல்லிக் கடிதத்தைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துவிடுவார். பத்து நாள் கழித்து அது மேலே போகும். அந்தப் பத்து நாளும் உங்கள் கணக்கில் சேராது. இதற்காக அவரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. 'வழி' என்று அவர்களை மதித்தே எழுதலாம். இன்னொரு நகலை நேராக ஹெச்.ஆர். அலுவலகத்தில் கொடுத்து, 'பெறப்பட்டது' என்ற முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும். மின்னஞ்சலிலும் ஒன்று அனுப்பி வைத்தால், பின்னால் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியிருக்காது.

நாள் குறைந்துபோனால் நோட்டீஸ் பணம் கட்டி வெளியேறலாம். அதற்கு முன் நியமன ஆணையில், அடிப்படைச் சம்பளம் என்று போட்டிருக்கிறதா, மொத்தச் சம்பளம் என்றா என்று பார்த்துவிட வேண்டும். நம் நர்ஸின் மொத்தச் சம்பளம் 24,000 ரூபாய், அதில் அடிப்படை 15,600 என்று வைத்துக்கொள்வோம். 20 நாள் குறைந்தால், மாதத்துக்கு 30 நாள் கணக்கில் ஒரு முறைப்படி 10,400, மற்ற முறைப்படி 16,000. எடுக்காத விடுப்பு மீதம் இருந்தால் அதில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். பல இடங்களில் சம்மதிப்பார்கள்.

தேதி விஷயத்தில் மூன்றாவதாக ஒன்று, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. சட்டப்படி, ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவர் ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை உண்டு. நம் நர்ஸ் ஆகஸ்ட் 15-இல் போனால் நாலு ஆண்டு பத்து மாதம்தான் ஆகிறது. "அஞ்சு வருஷம் ஆகலையே" என்று கணக்குப் பிரிவு கையை விரிக்கும். ஆனால் கடைசி ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதையும் முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் 15,600-ஐ 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, ஐந்து ஆண்டுக்குக் கணக்கிட்டால் 45,000 ரூபாய். முதலாண்டு எம்.எஸ்சி. செலவில் கணிசமான பங்கை அது தாங்கும். வாதாட விருப்பமில்லாதவர், கல்லூரிச் சேர்க்கை இடம் கொடுத்தால், தேதியை அக்டோபருக்குத் தள்ளிவிடலாம். கல்லூரி காத்திருக்காது என்றால் 240 நாள் கணக்கைக் காட்டிக் கேட்பதுதான் வழி.

இனி நன்றிக்கு வருவோம். 'இந்த மருத்துவமனை எனக்கு இரண்டாவது வீடு, நீங்கள் எல்லோரும் என் குடும்பம்' என்ற வகை நன்றியை எல்லா நர்ஸிங் கண்காணிப்பாளர்களும் நூறு முறை படித்திருப்பார்கள். என் கண்ணுக்கு அது நன்றியாகத் தெரிவதில்லை, சடங்காகத்தான் தெரிகிறது. மேலே உள்ள கடிதத்தில் இரண்டே இரண்டு விஷயங்களுக்கு நன்றி இருக்கிறது: வென்டிலேட்டரில் பழக்கியது, பயிற்சிக்கு அனுப்பியது. இரண்டும் நடந்தவை, இரண்டையும் செய்தவர்கள் மருத்துவமனையில் இருக்கிறார்கள், படித்ததும் அவர்களுக்கு நினைவு வரும். நாளைக்குக் கல்லூரி பரிந்துரைக் கடிதம் கேட்டால் அந்தக் கண்காணிப்பாளர் எழுத வேண்டிய விவரமும் இதிலேயே இருக்கிறது. எந்த நோயாளியின் பெயரும் இல்லை என்பதையும் கவனியுங்கள். 'படுக்கை எண் 6-இல் இருந்த அந்த அம்மாவைக் காப்பாற்றியதை மறக்க முடியாது' என்று எழுதத் தோன்றும். அது நோயாளியின் ரகசியம், கடிதத்தில் இடமில்லை.

பயிற்சிச் செலவுக்கு நன்றி சொல்லும் வரியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அந்தப் பயிற்சிக்கு அனுப்பும்போது 'இரண்டு ஆண்டு இங்கே வேலை பார்ப்பேன்' என்று கையெழுத்து வாங்கியிருந்தார்களா என்று பழைய தாள்களைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நர்ஸிங்கில் பாண்டு வாங்குவதையும் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைப்பதையும் இந்திய நர்ஸிங் கவுன்சில் ஏற்றுக்கொள்வதில்லை. பாண்டு போட்டிருந்தாலும், அதில் எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடும் என்பதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடு மட்டுமே என்கிறது. இருந்தாலும் கலந்தாய்வுக்கு அசல் சான்றிதழ் கொண்டுபோக வேண்டிய நர்ஸுக்கு நீதிமன்றம் போக நேரம் ஏது? அதனால்தான் கடிதத்தின் கடைசிப் பத்தியிலேயே, கோபமில்லாமல், 'சேரும்போது ஒப்படைத்த அசல் சான்றிதழ்கள்' என்று எழுதிவைப்பது. அவை மருத்துவமனையிடம் இருந்தன என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

நன்றிக்குப் பின்னால் வழக்கமாக ஒரு வரி வந்து ஒட்டிக்கொள்ளும்: 'என் பணிக்காலத்தில் அறிந்தோ அறியாமலோ ஏதேனும் தவறு செய்திருந்தால் மன்னிக்கவும்.' நம் ஊர் மரியாதை அது. கல்யாண வீட்டிலும் சொல்வோம், ஊர் மாறும்போதும் சொல்வோம். நர்ஸ் மட்டும் இதை எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கோப்பு மருத்துவமனையில் பல ஆண்டுகள் இருக்கும். நீங்கள் டியூட்டியில் இருந்த ஓர் இரவைப் பற்றி ஒரு நோயாளியின் உறவினர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அப்போது எதிர்த் தரப்பு வழக்கறிஞர் கையில் 'தவறு செய்திருந்தால்' என்று நீங்களே கையெழுத்திட்ட தாள் கிடைப்பதில் யாருக்கு என்ன லாபம்? வழக்கு அதனாலேயே தோற்றுவிடாது. ஆனாலும் பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வியை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். மன்னிப்பை நேரில் சொல்லிக்கொள்ளலாம், விடைபெறும் கேக் வெட்டும்போது.

'படித்து முடித்ததும் இங்கேயே வந்து சேருவேன்' என்ற வாக்குறுதியையும் இதேபோல் தவிர்த்துவிடலாம். இரண்டு ஆண்டு கழித்து எங்கே வேலை கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? குறைகளையும் எழுத வேண்டாம்: இரவுப் பணி ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப வந்தது, ஒரு நர்ஸுக்கு எட்டு நோயாளி, சம்பள உயர்வு இல்லை. இவை உண்மையாகவே இருக்கலாம். இவற்றைச் சொல்ல எக்ஸிட் இன்டர்வியூ என்று ஒன்று வைப்பார்கள், அதில் சொல்லலாம். அனுபவச் சான்றிதழ் கேட்கும் அதே தாளில் புகாரையும் வைத்தால், சான்றிதழ் எழுதுபவர் முதலில் புகாருக்குப் பதில் எழுத உட்கார்ந்துவிடுவார்.

ஒப்படைப்புப் பத்தி ஏன் வேண்டும் என்று கேட்கலாம். அலுவலக வேலையில் போகிறவர் கணினியையும் அடையாள அட்டையையும் கொடுத்தால் தீர்ந்தது. ஐ.சி.யூ. நர்ஸ் பெயரில் பொருள்கள் இருக்கும். அவசர மருந்து வண்டியில் அட்ரினலின் எத்தனை ஆம்பூல், எது எப்போது காலாவதி, லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா என்று ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பொறுப்பைத் தன் பெயரில் வைத்திருந்தவர் அப்படியே போய்விட்டால், காணாமல் போன பல்ஸ் ஆக்ஸிமீட்டரோ உடைந்த பி.பி. கருவியோ அவர் கணக்கில் ஏறி, நோ டியூஸ் படிவத்தில் ஒரு தொகையாக நிற்கும். கடைசிச் சம்பளத்தில் அது பிடிக்கப்படும். ஆகவே ஐந்து நாள் முன்னதாகவே, பொறுப்பேற்கும் சிஸ்டரோடு நின்று ஒவ்வொன்றையும் எண்ணி, பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளின் அலமாரிச் சாவி உங்களிடம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதில் ஒரு ஆம்பூல் கணக்கு இடித்தாலும் ராஜினாமா நின்று விசாரணை தொடங்கும்.

அரசு மருத்துவமனையில் நிரந்தரப் பணியில் இருக்கும் நர்ஸுக்கு இந்தக் கடிதமே பொருந்தாது. அங்கே ராஜினாமா செய்தால், தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின்படி முன்னர் பார்த்த பணிக்காலம் கணக்கில் வராமல் போய்விடும். உயர்கல்விக்குத் துறையின் அனுமதி பெற்றுப் போகும் வழி இருக்கிறது. உணர்ச்சிவசப்பட்டு வேலையை விடுவதற்கு முன் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிட வேண்டும். தனியார் நர்ஸின் கடிதத்தை அப்படியே நகல் எடுக்கும் அரசு நர்ஸ் கையெழுத்துப் போடுவது தன் பணிக்காலத்துக்கு எதிராகத்தான்.

நம் கற்பனை நர்ஸின் கடைசி நாளில் ஒரு சின்னச் சிக்கல் மீதி இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. சுதந்திர தினம் நர்ஸுக்கு டியூட்டி நாள், ஹெச்.ஆருக்கும் கணக்குப் பிரிவுக்கும் விடுமுறை. நோ டியூஸ் படிவத்தில் மருந்தகம், நூலகம், விடுதி, ஸ்டோர், உணவகம், கணக்கு என்று வரிசையாகக் கையெழுத்து வேண்டும். எல்லாவற்றையும் 14-ஆம் தேதிக்குள் முடித்துவிட வேண்டும். அதே நாளில் அனுபவச் சான்றிதழின் வரைவையும் கேட்டு வாங்கி நான்கு விஷயம் சரிபார்க்க வேண்டும்: பெயரின் எழுத்துக்கூட்டல் கவுன்சில் பதிவில் உள்ளபடி இருக்கிறதா, கவுன்சில் பதிவு எண் சரியா, பிரிவு வெறுமனே 'நர்ஸிங்' என்று இல்லாமல் 'தீவிர சிகிச்சைப் பிரிவு' என்று இருக்கிறதா, முடிவுத் தேதி 15.08.2025 தானா. தவறு இருந்தால் அங்கேயே நின்று திருத்தி வாங்கலாம்.